டியூட்டாஸ்டிரைடுக்கு மாறலாமா? தை மாதம் கல்யாணம்

நெல்லைத்தம்பி | 3 ஆகஸ்ட் 2025, இரவு 10.40

வயது 27. எட்டு மாதமாக ஃபினாஸ்டிரைடு 1 மி.கி. சாப்பிடுகிறேன். தலையணையில் முடி விழுவது நின்றுவிட்டது. ஆனால் உச்சியில் புதிதாக ஒன்றும் முளைத்த மாதிரி தெரியவில்லை. அறை நண்பன், டியூட்டாஸ்டிரைடு மூன்று மடங்கு வீரியம், அதற்கு மாறு என்கிறான். தை மாதம் கல்யாணம். அதற்குள் கொஞ்சம் அடர்த்தி வந்தால் போதும். மாறலாமா?

சிங்காநல்லூர் | 3 ஆகஸ்ட் 2025, இரவு 11.25

நான் நாலு வருடம் ஃபினாஸ்டிரைடு, அப்புறம் பதினான்கு மாதம் டியூட்டாஸ்டிரைடு சாப்பிட்டவன். இந்த ஜனவரியில் நிறுத்தினேன். அதனால் சொல்கிறேன் தம்பி, வீரியத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதே.

மூன்று மடங்கு என்பது எங்கிருந்து வருகிறது? முடியின் வேரைச் சுருக்குவது டி.எச்.டி. டெஸ்டோஸ்டிரோனை அதுவாக மாற்றும் நொதியில் முக்கியமாக இரண்டு வகை. ஃபினாஸ்டிரைடு பெரும்பாலும் இரண்டாம் வகையைத்தான் அடைக்கிறது, டியூட்டாஸ்டிரைடு இரண்டையும் அடைக்கிறது. ரத்தத்தில் டி.எச்.டி. முதல் மருந்தில் 70 சதவீதம் குறையும், இரண்டாவதில் 90-க்கு மேல். மிச்சம் இருப்பதை வைத்துப் பார்த்தால் 30-க்கும் 10-க்கும் மூன்று மடங்குதான். உன் நண்பன் அந்த அளவில் தப்பாகச் சொல்லவில்லை.

ஆனால் முடி ரத்தத்தில் முளைப்பதில்லை. தலைத்தோலில் அளந்தபோது இடைவெளி சுருங்கிவிட்டது. 2006-இல் வந்த ஆய்வில் 5 மி.கி. ஃபினாஸ்டிரைடு தலைத்தோலில் 41 சதவீதம் குறைத்தது. நாம் சாப்பிடும் 0.5 மி.கி. டியூட்டாஸ்டிரைடு 51. அதே மருந்தை ஐந்து மடங்கு கொடுத்தபோதுதான் 79-க்குப் போனது.

எட்டு மாதம் என்பதும் அவசரம். உச்சியில் ஃபினாஸ்டிரைடு என்ன செய்தது என்று பார்க்க ஒரு வருடமாவது வேண்டும்.

சிங்காநல்லூர் | 4 ஆகஸ்ட் 2025, காலை 6.50

இரவு எழுதியதைப் படித்தால் டியூட்டாஸ்டிரைடு வேலை செய்யாது என்று சொன்ன மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. 2014-இல் 917 ஆண்களை வைத்து நேருக்கு நேர் ஒப்பிட்டிருக்கிறார்கள். உச்சியில் ஒரு அங்குல விட்டத்தில் வட்டம் போட்டு, ஆறு மாதம் கழித்து எண்ணினார்கள். ஃபினாஸ்டிரைடு 1 மி.கி. சாப்பிட்டவர்களுக்கு அந்த வட்டத்தில் சராசரியாக 56 முடி கூடியது. டியூட்டாஸ்டிரைடு 0.5-இல் 90. வெற்று மாத்திரைக்காரர்களுக்கு ஐந்து குறைந்தது.

முப்பத்து நாலு முடி வித்தியாசம். உண்மையான வித்தியாசம்தான், எனக்கும் தெரிந்தது. நான் கேட்பது, அந்த முப்பத்து நாலுக்காக எதை ஒப்புக்கொள்கிறோம் என்பது.

கிரி_ஓசூர் | 4 ஆகஸ்ட் 2025, காலை 9.15

இவ்வளவு பயம் தேவையில்லை. டியூட்டாஸ்டிரைடு உடம்பில் ஐந்து வாரம் இருக்கும். வாரத்துக்கு இரண்டு கேப்ஸ்யூல் போதும். மருந்து குறைந்தால் பக்கவிளைவும் குறையும். நான் ஒரு வருடமாக அப்படித்தான் சாப்பிடுகிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை.

தஞ்சை_மருந்தாளுநர் | 4 ஆகஸ்ட் 2025, மதியம் 2.05

கடையில் இருபத்து இரண்டு வருடம் நிற்கிறேன். கிரி சொன்னதில் பாதி சரி.

ஐந்து வாரம் என்பது மருந்து உடம்பில் இருக்கும் காலம் இல்லை. அதன் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் காலம். அதுவும் தினமும் சாப்பிட்டு ரத்தத்தில் நிறைந்தவர்களுக்குத்தான். ஒரே ஒரு கேப்ஸ்யூல் போட்டால் சில நாட்களிலேயே பாதியாகிவிடும். அளவு குறைவாக இருக்கும்போது உடம்பு இதை வேகமாக வெளியேற்றுகிறது, நிறைந்த பிறகுதான் மெதுவாகிறது.

அடுத்தது, வாரத்துக்கு இரண்டு என்றால் 1 மி.கி. ஒரு நாளைக்குப் பங்கு போட்டால் 0.14. மேலே சிங்காநல்லூர் சொன்ன அதே 2014 ஆய்வில் தினமும் 0.1 மி.கி. கொடுத்த குழுவும் இருந்தது. அவர்களுக்குக் கூடியது 63 முடி. ஃபினாஸ்டிரைடின் 56-க்குப் பக்கத்தில். அதாவது நீங்கள் வாரம் இரண்டாகச் சாப்பிட்டு அடைவது கிட்டத்தட்ட ஃபினாஸ்டிரைடு தினமும் தருவதைத்தான்.

மருந்தைப் பாதியாக்கினால் பக்கவிளைவு பாதியாகும் என்பதும் இந்த இரண்டு மருந்துக்கும் பொருந்தாது. ஃபினாஸ்டிரைடில் 0.2 மி.கி. கொடுத்தாலே தலைத்தோலில் 1 மி.கி. செய்வதற்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. அளவை ஐந்தில் ஒன்றாக்கியும் டி.எச்.டி. கிட்டத்தட்ட அதே அளவு இறங்குகிறது என்றால், அதனால் வரும் தொந்தரவு மட்டும் எப்படி ஐந்தில் ஒன்றாகும்?

கிரி_ஓசூர் | 4 ஆகஸ்ட் 2025, மாலை 7.30

63 முடி விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தினமும் சாப்பிட்டபோது மார்புக் காம்பில் வலி இருந்தது, வாரம் இரண்டாக்கிய பிறகு இல்லை. என் உடம்பு சொல்வதை நான் நம்புகிறேன்.

பெருங்களத்தூர்_அப்பா | 5 ஆகஸ்ட் 2025, காலை 5.40

வணக்கம். எனக்கு வயது 61. டியூட்டாஸ்டிரைடு இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன், இரவில் சிறுநீர் கழிக்க நாலு முறை எழுந்தது இப்போது ஒரு முறைதான். தலையில் முடி ஒன்றும் வரவில்லை, வழுக்கை வழுக்கையாகவே உள்ளது. சென்ற வாரம் ப்ராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் 2.1 வந்தது. 4-க்குக் கீழே இருந்தால் நல்லது என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறது. மருந்தை நிறுத்திவிடலாமா?

தஞ்சை_மருந்தாளுநர் | 5 ஆகஸ்ட் 2025, காலை 8.20

ஐயா, நிறுத்த வேண்டாம், அந்த 2.1-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். இந்த மருந்து சில மாதங்களில் பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாக்கிவிடும். உங்கள் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும், 4.2 வருகிறது. போன வருட ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் சிறுநீரக டாக்டரைப் பாருங்கள். மருந்து சாப்பிடும்போதே அந்த எண் ஏறிக்கொண்டிருந்தால், நாலுக்குக் கீழே இருந்தாலும் அவர் கவனிப்பார்.

முடிக்காகச் சாப்பிடுபவர்களுக்கும் இது பொருந்தும். ஃபினாஸ்டிரைடு 1 மி.கி. கூட அந்த எண்ணை இறக்கும். நாற்பத்தைந்து வயதில் உடல் பரிசோதனைக்குப் போகும்போது முடி மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

சிங்காநல்லூர் | 5 ஆகஸ்ட் 2025, இரவு 10.55

சொல்லிவிடுங்கள் என்று மருந்தாளுநர் சொன்னதும் என் கதையை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2019-இல் ஃபினாஸ்டிரைடு ஆரம்பித்தேன். தொந்தரவே இல்லை. நாலாவது வருடம் உச்சி மறுபடி மெலிய ஆரம்பித்தது. 2023 நவம்பரில் தோல் டாக்டர் டியூட்டாஸ்டிரைடு எழுதினார். முதல் இரண்டு மாதம் குளியலறைச் சல்லடையில் கொத்துக் கொத்தாக முடி. பயந்தேன், நின்றுவிட்டது. எட்டாவது மாதம் ஜன்னலோரம் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தலைத்தோலின் வெளிச்சம் தெரிந்த இடம் மூடியிருந்தது.

விந்தின் அளவு குறைந்ததை மூன்றாவது மாதமே கவனித்தேன். ஆசையிலோ மற்றதிலோ குறை இல்லாததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024-இல் குழந்தைக்கு முயற்சி செய்தோம். பத்து மாதம் ஆகியும் நிற்கவில்லை. குழந்தைப்பேறு மருத்துவமனையில் டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" நான் இல்லை என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. முடிக்குச் சாப்பிடுவதை மருந்து என்றே நான் நினைத்திருக்கவில்லை. என் மனைவிதான் பக்கத்திலிருந்து, தினமும் இரவு ஒரு மஞ்சள் கேப்ஸ்யூல் போடுகிறாரே என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பெயர் கேட்டார்.

பரிசோதனையில் மில்லி லிட்டருக்கு 90 லட்சம் விந்தணு. 1.6 கோடி இருக்க வேண்டும். அன்றே நிறுத்தச் சொன்னார். அது ஜனவரி 11.

ஏப்ரலில் 1.2 கோடி. அடுத்த பரிசோதனை இந்த மாதம் 16-ஆம் தேதி. மூன்று நாலு மாத இடைவெளி எதற்கென்றால், ஒரு விந்தணு உருவாகி முடியவே இரண்டரை மாதம் போல ஆகும். அதற்கு முன்னால் பார்த்தால் பழைய கணக்குத்தான் வரும்.

சிங்காநல்லூர் | 6 ஆகஸ்ட் 2025, காலை 7.10

இதைச் சேர்க்காவிட்டால் நேற்று எழுதியது நியாயமாக இருக்காது. மருந்து ஆரம்பிக்கும் முன் நான் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. என் எண்ணிக்கை முன்பே குறைவாக இருந்திருக்கலாம். ஆரோக்கியமான ஆண்களுக்கு ஒரு வருடம் டியூட்டாஸ்டிரைடு கொடுத்துப் பார்த்ததில் சராசரியாக மொத்த விந்தணு 23 சதவீதம்தான் குறைந்தது. அந்த அளவு குறைந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை வராது. ஆனால் அந்தச் சிறு குழுவிலேயே இரண்டு பேருக்கு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நிறுத்தி ஆறு மாதம் ஆன பிறகும் சராசரி பழைய இடத்துக்கு வரவில்லை.

என் 90 லட்சத்துக்கு மருந்து எவ்வளவு பொறுப்பு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. தொடங்குவதற்கு முன் ஒரு பரிசோதனை செய்திருந்தால் முடிந்திருக்கும். அந்த ஒன்றுக்காக இப்போதும் மனம் அடித்துக்கொள்கிறது.

சுவோன்_தமிழன் | 6 ஆகஸ்ட் 2025, மதியம் 12.30

கொரியாவில் ஆறு வருடமாக வேலை. இங்கே 2009-இலேயே ஆண் வழுக்கைக்கென்று டியூட்டாஸ்டிரைடுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஜப்பானில் 2015. அமெரிக்காவில் இன்னும் ப்ராஸ்டேட்டுக்கு மட்டும். என்னோடு வேலை செய்பவர்களில் இரண்டு பேர் ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் சாப்பிடுகிறார்கள், இருவருக்கும் குழந்தைகள் உண்டு. ஒரு ஆளின் கதையைக் கேட்டு எல்லோரும் ஓட வேண்டாம். அந்த 2014 ஆய்விலும் பக்கவிளைவு சொன்னவர்களின் எண்ணிக்கை இரண்டு மருந்திலும் பெரிதாக வேறுபடவில்லையே?

சிங்காநல்லூர் | 6 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

உண்மை, வேறுபடவில்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆறு மாத ஆய்வு அது. எனக்குக் கேள்வி, யாருக்கு வருகிறது என்பதைவிட, வந்தால் எவ்வளவு நாள் இருக்கும் என்பதில்தான்.

ஃபினாஸ்டிரைடு சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து பாதியாகிவிடும். நிறுத்தினால் இரண்டு வாரத்துக்குள் டி.எச்.டி. பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. டியூட்டாஸ்டிரைடில் என் கணக்கு இது. நிறைந்த நிலையில் மில்லி லிட்டருக்கு சுமார் 40 நானோகிராம். ஐந்து வாரத்தில் 20, பத்தில் 10, பதினைந்தில் 5, இருபதில் 2.5. இப்படியே போனால் ஒரு வருடம் ஆனாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்ததானத்துக்கு ஃபினாஸ்டிரைடுக்காரர் ஒரு மாதம் காத்திருந்தால் போதும், டியூட்டாஸ்டிரைடுக்காரர் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். அந்த ரத்தம் கர்ப்பிணி ஒருவருக்குப் போய்விடக் கூடாது.

தஞ்சை_மருந்தாளுநர் | 6 ஆகஸ்ட் 2025, இரவு 10.15

கணக்கின் பின்பாதியைத் திருத்திக்கொள்ளுங்கள். நான் முதலில் சொன்னேனே, அளவு குறைந்தால் வேகம் கூடும் என்று. 3 நானோகிராமுக்குக் கீழே இறங்கியதும் ஐந்து வாரம் என்பது சில நாட்களாகிவிடும். அதனால்தான் நாலிலிருந்து ஆறு மாதத்தில் அளக்க முடியாத அளவுக்குப் போய்விடுகிறது. ஒரு வருடம் என்று பயப்பட வேண்டாம். முதல் நாலு மாதம்தான் நகராத மாதிரி இருக்கும்.

சிங்காநல்லூர் | 6 ஆகஸ்ட் 2025, இரவு 10.32

நன்றி அண்ணா. ஏழு மாதமாக இந்தக் கணக்கை நோட்டில் போட்டுப் போட்டு மனதைக் குழப்பிக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் தெளிந்தது.

வேலூர்க்கோட்டை | 8 ஆகஸ்ட் 2025, மாலை 6.20

இதையும் பதிவு செய்கிறேன். டாக்டர் டியூட்டாஸ்டிரைடு 0.5 என்றுதான் எழுதினார். கடையில் அந்தப் பெயரோடு இன்னொரு சொல் சேர்ந்த அட்டை கொடுத்தார்கள், நானும் வாங்கி வந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவன் கண் இருட்டிச் சுவரைப் பிடித்தேன். உறவின்போது உச்சம் வருகிறது, விந்து வெளியே வரவே இல்லை. டியூட்டாஸ்டிரைடு ஆண்மையை அழித்துவிட்டது என்று அழாத குறை. இரண்டு வாரம் கழித்து அட்டையின் பின்பக்கத்தைப் படித்தால், டியூட்டாஸ்டிரைடு 0.5 மி.கி., டாம்சுலோசின் 0.4 மி.கி. என்று இரண்டு வரி.

தஞ்சை_மருந்தாளுநர் | 8 ஆகஸ்ட் 2025, இரவு 8.45

இது நடக்கும், என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ப்ராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்கான கூட்டு மருந்து அது. டாம்சுலோசின் சிறுநீர்ப்பைக் கழுத்தைத் தளர்த்துகிறது. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவதும், விந்து வெளியே வராததும் அதன் வேலை. மூன்றே நாளில் வந்தது என்பதிலிருந்தே தெரியும், டியூட்டாஸ்டிரைடு அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் செய்யாது. ரத்தத்தில் நிறைய மூன்று மாதம் போல எடுக்கும் மருந்து அது. டாம்சுலோசினை விட்டதும் சில நாளில் சரியாகியிருக்குமே?

வேலூர்க்கோட்டை | 8 ஆகஸ்ட் 2025, இரவு 9.02

நாலு நாளில் சரியானது. இப்போது அட்டையைக் கையில் வாங்கியதும் முதலில் பின்பக்கம்தான் பார்க்கிறேன்.

கிரி_ஓசூர் | 9 ஆகஸ்ட் 2025, காலை 8.00

இத்தாலியில் ஒரு ஆய்வு உண்டு. ஃபினாஸ்டிரைடு 5 மி.கி. கொடுக்கும்போது பாலியல் தொந்தரவு வரலாம் என்று முன்கூட்டியே சொன்னவர்களில் 43 சதவீதத்துக்கு மேல் தொந்தரவு என்றார்கள். சொல்லாமல் கொடுத்தவர்களில் 15. எல்லாம் மனதுதான். இந்த இழையைப் படிப்பதே பக்கவிளைவு தரும்.

சிங்காநல்லூர் | 9 ஆகஸ்ட் 2025, இரவு 11.10

கிரி, அந்த 15 சதவீதம் பேரை விட்டுவிட்டீர்களே. அவர்களிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 1 மி.கி. அளவில், யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்த ஆய்வுகளிலும் மருந்துக்காரர்களில் நூற்றுக்கு நாலு பேர், வெற்று மாத்திரையில் இரண்டு பேர். மனதுக்கும் பங்கு உண்டு, மருந்துக்கும் பங்கு உண்டு.

மனநிலை பற்றியும் எழுத வேண்டும். இந்த மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமை, தற்கொலை எண்ணம் ஃபினாஸ்டிரைடின் பக்கவிளைவு என்று உறுதி செய்தது. டியூட்டாஸ்டிரைடுக்கு அந்தத் தொடர்பு உறுதியாகவில்லை, ஆனாலும் எச்சரிக்கையைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே நான் இதுவரை எழுதியதை வைத்து ஃபினாஸ்டிரைடு சாது, மற்றது முரடு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காரணமில்லாமல் மனம் இருண்டால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள், வீட்டிலும் ஒருவரிடம் சொல்லுங்கள். நிறுத்திய பிறகும் தொந்தரவு தொடர்கிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நெல்லைத்தம்பி | 10 ஆகஸ்ட் 2025, மதியம் 3.30

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கல்யாணம் ஆனதும் குழந்தை வேண்டும் என்பது வீட்டில் எல்லோருடைய எண்ணமும். கணக்குப் போட்டேன். இப்போது மாறினால் நவம்பரில்தான் மருந்தே நிறையும், உச்சியில் ஏதாவது தெரிய பிப்ரவரி ஆகும். அப்போதே குழந்தைக்காக நிறுத்த வேண்டியிருக்கும். ஃபினாஸ்டிரைடிலேயே இருக்கிறேன். அடுத்த வாரம் விந்துப் பரிசோதனை ஒன்று செய்து வைக்கிறேன். ஃபினாஸ்டிரைடையும் நிறுத்த வேண்டுமா?

தஞ்சை_மருந்தாளுநர் | 10 ஆகஸ்ட் 2025, மாலை 5.10

ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும் தம்பி. எண்ணிக்கை நன்றாக இருந்தால் பலர் 1 மி.கி.-யைத் தொடரச் சொல்வார்கள், குறைவாக இருந்தால் நிறுத்தி மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். நாளைக்கு மனைவி கர்ப்பமானால் அவர் உடைந்த மாத்திரையையோ கசியும் கேப்ஸ்யூலையோ தொடக் கூடாது. டியூட்டாஸ்டிரைடு எண்ணெய்த் திரவம், தோல் வழியாகவே உள்ளே போகும். தொட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருந்தால் உறுப்பு வளர்ச்சி பாதிக்கும்.

சிங்காநல்லூர் | 18 ஆகஸ்ட் 2025, இரவு 8.05

ரிப்போர்ட் வந்தது. 2.3 கோடி.

சிங்காநல்லூர் | 18 ஆகஸ்ட் 2025, இரவு 11.30

அப்போது ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. மருந்து போனதால்தான் ஏறியதா என்று என் டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை, எண்ணிக்கை ஒருவருக்கே மாதத்துக்கு மாதம் மாறும் என்றார். நவம்பரில் இன்னொரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

இன்று காலை அதே ஜன்னலோரம் படம் எடுத்தேன். டியூட்டாஸ்டிரைடு மூடிய இடம் மறுபடி திறந்திருக்கிறது, 2023 நவம்பர் படத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. ஃபினாஸ்டிரைடும் இல்லாமல் ஏழு மாதம் ஓடிவிட்டதால் அது எதிர்பார்த்ததுதான். மனைவி படத்தைப் பார்த்தாள், ரிப்போர்ட்டையும் பார்த்தாள். ரிப்போர்ட்டை மட்டும் எடுத்து பீரோவில் வைத்தாள்.

பெருங்களத்தூர்_அப்பா | 19 ஆகஸ்ட் 2025, காலை 5.35

மருந்தாளுநர் தம்பிக்கு. போன வருட ரிப்போர்ட் கிடைத்தது. அதில் 1.4. டாக்டரிடம் வெள்ளிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன்.

தஞ்சை_மருந்தாளுநர் | 19 ஆகஸ்ட் 2025, காலை 8.10

ஐயா, இரண்டு தாளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். 1.4-இலிருந்து 2.1-க்கு ஏறியிருக்கிறது என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள்.